டெட்டர் கன்ஃபர்மேஷனுக்குப் பதில் இல்லை. “ரெப் லெட்டரில் எழுதித் தருகிறேன்” என்கிறார் எம்.டி. இது போதுமா?

டிக்மார்க்

வணக்கம். ஒரு ஆடிட் குழுவில் சீனியராக இருக்கிறேன். வேலை எல்லாம் முடிந்து ஃபைலை மூடும் நேரம். ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

க்ளையன்ட் பம்பு தயாரித்து விற்கும் கம்பெனி. ஒரு விநியோகஸ்தரிடமிருந்து 84 லட்சம் வர வேண்டும். அதில் 32 லட்சம் பழைய பாக்கி, பதினொரு மாதமாகக் கிடக்கிறது. மீதி 52 லட்சம், ஆண்டின் கடைசி மூன்று நாளில் போட்ட இரண்டு இன்வாய்ஸ். எங்கள் மெட்டீரியாலிட்டி, அதாவது இதைத் தாண்டினால் பிழை பெரிது என்று எடுத்துக்கொள்ளும் அளவு, 30 லட்சம். இந்தப் பாக்கி சரிதானா என்று விநியோகஸ்தரிடமே கேட்டு கன்ஃபர்மேஷன் கடிதம் இரண்டு தடவை அனுப்பினோம். பதிலே இல்லை.

எம்.டி.யிடம் போய்க் கேட்டேன். “அவர் எங்களோடு பல வருஷமாகத் தொழில் செய்பவர். பணம் வந்துவிடும். வேண்டுமானால் எழுத்திலேயே தருகிறேன்” என்றார். எங்கள் மேனேஜரும், “சரி, நிர்வாகம் நமக்கு எழுதித் தரும் ரெப் லெட்டரில் ஒரு பாரா சேர்த்துவிடு, ஃபைலுக்கு அது போதும்” என்கிறார். பார்ட்னர் ரிவ்யூ அடுத்த வாரம்.

எம்.டி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது ஆதாரம்தானே? எங்கே நெருடுகிறது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேலன்ஸ்_பாலா

இதில் குழப்பமே இல்லை. ரெப் லெட்டர் ஆடிட் ஆதாரம்தான், சர்வதேச ஆடிட் தரநிலை ஐ.எஸ்.ஏ. 580லேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. வாயால் சொன்னதை விட எழுத்தில் கொடுப்பது கனம் கூடியது, இதுவும் எல்லோருக்கும் தெரிந்த விதி. எம்.டி. எழுதிக் கொடுத்தபிறகு அது பொய்யானால் பொறுப்பு அவர் தலையில். உங்கள் மேனேஜர் சொன்னபடி பாராவைச் சேர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

சலான்_செல்வன்

நான் கம்பெனி பக்கம் கணக்கு பார்ப்பவன். அந்தக் கடிதத்தை விநியோகஸ்தரிடம் நேரில் கொண்டுபோய், சீல் வைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் விஷயம் முடிந்ததே? நாங்கள் எப்போதும் அப்படித்தான் செய்வோம். ஆடிட்டர் வருவதற்குள் எல்லாக் கடிதமும் ஒரே ஃபைலில் ரெடியாக இருக்கும்.

டிக்மார்க்

செல்வன் சார், நீங்கள் சொல்வது டெட்டர் தர வேண்டிய கன்ஃபர்மேஷன். நான் கேட்பது கம்பெனி நிர்வாகமே எங்களுக்கு எழுதித் தரும் கடிதம் பற்றி.

பழைய_லெட்ஜர்

செல்வன் சொன்னதற்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கன்ஃபர்மேஷனை ஆடிட்டரே அனுப்ப வேண்டும், பதில் ஆடிட்டரிடமே நேராக வர வேண்டும். கம்பெனி ஆள் கையில் போய் கம்பெனி ஆள் கையில் திரும்பி வந்த கடிதத்துக்குப் பாதி மதிப்புகூடக் கிடையாது. “எல்லாம் ரெடியாக இருக்கும்” என்று கேட்டாலே எனக்குப் பயம்தான் வரும்.

இனி டிக்மார்க்கின் கேள்வி. பாலா சொன்னதில் முதல் பாதி சரி. ரெப் லெட்டர் ஆதாரம்தான், அதுவும் கட்டாயம் வாங்க வேண்டிய ஆதாரம். ஆனால் அதே ஐ.எஸ்.ஏ. 580 அடுத்த மூச்சிலேயே இரண்டு விஷயம் சொல்கிறது. கடிதத்தில் எழுதியிருக்கும் எந்த விஷயத்துக்கும் அந்தக் கடிதம் மட்டுமே போதிய ஆதாரம் ஆகாது. அதோடு, நம்பகமான கடிதம் கையில் இருக்கிறது என்பதற்காக மற்ற ஆதாரங்களைத் திரட்டும் வேலையில் எதையும் குறைக்கவும் கூடாது. இந்த இரண்டாவதைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஏன் இந்த விதி என்று யோசித்தால் உங்கள் நெருடலுக்குப் பதில் கிடைத்துவிடும். டெட்டர்ஸ் 84 லட்சம் என்று பேலன்ஸ் ஷீட்டில் போட்டவர் எம்.டி. அதைச் சரிபார்க்கத்தான் உங்களை அழைத்திருக்கிறார்கள். நீங்கள் அவரிடமே போய் “இது சரியா?” என்று கேட்டு, அவர் “சரி” என்று எழுதித் தந்தால், சோதிக்க வேண்டிய கூற்றே இன்னொரு தாளில் வந்திருக்கிறது. புதிதாக ஒன்றும் உங்களுக்குத் தெரிய வரவில்லை.

அப்புறம், எம்.டி.யின் “பணம் வந்துவிடும்” என்ற ஒரு வரிக்குள் மூன்று விஷயம் ஒளிந்திருக்கிறது. சரக்கு உண்மையில் விற்றதா? விற்றிருந்தால் தொகை அவ்வளவுதானா? தொகை சரியென்றால் வசூலாகுமா? மூன்றுக்கும் கம்பெனிக்கு வெளியே தடயம் இருக்கும். தடயம் இருக்கக்கூடிய இடத்தில் அதைத் தேடாமல் வாக்குமூலத்தை வாங்கி வைத்தால், அது ஆடிட் இல்லை.

பேலன்ஸ்_பாலா

லெட்ஜர் ஐயா, தியரி சரி. நடைமுறையில் டெட்டர் பதில் தராவிட்டால் என்ன செய்வது? வீடு தேடிப் போய்க் கதவைத் தட்ட முடியுமா? நிர்வாகத்தை நம்பாமல் எந்த ஆடிட்டும் நடக்காது. நாம் துப்பறிவாளர்கள் இல்லை.

பழைய_லெட்ஜர்

“துப்பறிவாளர் இல்லை” என்ற வாதத்துக்கு வயது நூறுக்கு மேல். 1896இல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. மில்லின் மேனேஜர் ஒவ்வொரு ஆண்டும் பஞ்சு, நூல் கையிருப்பை ஏற்றிக் காட்டி, சான்றொப்பமிட்டுக் கொடுத்தார். ஆடிட்டர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் இல்லை என்று சொல்லி நீதிமன்றம் அவர்களை விட்டுவிட்டது. அன்றைய நிலை அது. நம்பத்தக்க அதிகாரியின் சான்று இருந்தால் போதும்.

பிறகு 1938இல் அமெரிக்காவில் மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்து கம்பெனி வெடித்தது. மொத்தச் சொத்து சுமார் 87 மில்லியன் டாலர் என்று கணக்கு. அதில் ஏறத்தாழ 19 மில்லியன், சரக்கும் டெட்டர்ஸும், வெறும் காகிதம். கிடங்கே இல்லை, வாங்கியவர்களும் இல்லை. சரக்கை நேரில் பார்ப்பதும் டெட்டருக்கு நேரடியாக எழுதிக் கேட்பதும் அன்றைக்குக் கட்டாயம் இல்லை. அந்தக் கேஸுக்குப் பிறகுதான் இரண்டும் வழக்கமான வேலையாயின. ஆக, நீங்கள் பதில் வரவில்லை என்று விடப் பார்க்கும் கன்ஃபர்மேஷன், நிர்வாகத்தின் வார்த்தையை மட்டும் நம்பி ஏமாந்ததால் வந்த வேலைமுறை. அதற்குப் பதிலாக மறுபடி நிர்வாகத்தின் வார்த்தையையே வைப்பது விசித்திரம்தானே?

கதவைத் தட்ட வேண்டாம், பாலா. பதில் வராதபோது மாற்று வழி இருக்கிறது. டிக்மார்க், ஆண்டு முடிவுக்குப் பிறகு அவரிடமிருந்து பணம் ஏதாவது வந்ததா?

டிக்மார்க்

வந்திருக்கிறது. 9 லட்சம், ஒரே தொகையாக. லெட்ஜரில் பழைய பாக்கியில் கழித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் மேனேஜர், “பார், பணம் வருகிறதே” என்றார்.

பழைய_லெட்ஜர்

லெட்ஜர் என்ட்ரியைப் பார்த்து முடிக்காதீர்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பணம் யார் கணக்கிலிருந்து வந்தது என்று பாருங்கள். கூடவே அவர் அனுப்பிய விவரத்தில் எந்த இன்வாய்ஸுக்கு என்று எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். பழைய பாக்கிக்கு வந்திருந்தால் 32இல் 9 ஓரளவு தெளிவாகிறது, மீதி 23க்கு வசூல் கேள்வி நிற்கிறது. 52 லட்சத்தைப் பற்றி அந்த 9 லட்சம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இதை முதலில் மனதில் பிரித்துக்கொள்ளுங்கள்.

52க்கு வேறு தடயம் வேண்டும். கேட் ரெஜிஸ்டரில் லாரி வெளியேறிய தேதி, லாரி ரசீது, அதில் சரக்கைப் பெற்றவர் போட்ட கையெழுத்தும் தேதியும். இன்வாய்ஸ் தேதி மட்டும் இருந்தால் அது கம்பெனி தானே அச்சடித்த காகிதம். அந்த விநியோகஸ்தர் முந்தைய மாதங்களில் எவ்வளவு வாங்கினார் என்பதையும் பாருங்கள். மாதம் ஐந்தாறு லட்சம் வாங்குபவர் மூன்று நாளில் 52 லட்சத்துக்கு ஏன் வாங்கினார்?

இன்னொன்று. ஆண்டு முடிந்தபிறகு அவர் பெயரில் வந்த க்ரெடிட் நோட்டுகளையும், கேட் ரெஜிஸ்டரின் “உள்ளே” பக்கத்தையும் பாருங்கள். நம் ஆட்கள் எப்போதும் “வெளியே” பக்கத்தைப் பார்த்துவிட்டு ரெஜிஸ்டரை மூடிவிடுவார்கள்.

நிதித்_தலைவி

இழையை ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். நான் மேசையின் அந்தப் பக்கம் இருப்பவள். எனக்கு வேறு மாதிரி கஷ்டம். ஆண்டின் எட்டாவது மாதத்தில் ஒரு கம்பெனியில் சி.எஃப்.ஓ.வாகச் சேர்ந்தேன். ஆண்டு முடிந்ததும் ஆடிட்டர் ரெப் லெட்டர் நமூனா அனுப்பினார். ஆறு பக்கம். எல்லாச் சட்டங்களையும் மீறாமல் நடந்தோம், எல்லாப் பரிவர்த்தனையும் பதிவாகியிருக்கிறது, மோசடி பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம் என்று வரிவரியாக. நான் இல்லாத ஏழு மாதத்துக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது? “என் பணிக்காலம் வரை” என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். ஆடிட்டர் ஒத்துக்கொள்ளவே இல்லை. நிர்வாகம் இந்தக் கடிதத்தை ஒரு கண்ணியாகத்தான் பார்க்கிறது என்பதையும் யோசியுங்கள்.

பழைய_லெட்ஜர்

உங்கள் தயக்கம் நியாயம், மேடம். ஆனால் ஆடிட்டர் மறுத்ததும் சரிதான். நீங்கள் கையெழுத்துப் போடுவது தனி ஆளாக இல்லை. ஆண்டு முழுக்க உள்ள நிதிநிலை அறிக்கைக்கு இன்றைய நிர்வாகம் பொறுப்பு. ஆடிட் ரிப்போர்ட் எந்தக் காலத்தைச் சொல்கிறதோ கடிதமும் அந்தக் காலம் முழுவதையும் சொல்ல வேண்டும். நடுவில் சேர்ந்ததால் அது குறையாது.

அதே நேரத்தில் “எங்களுக்குத் தெரிந்த, நாங்கள் நம்பும் அளவில்” என்ற வாசகம் அனுமதிக்கப்பட்டதுதான். அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. தேவையான இடத்தில் விசாரித்துவிட்டுப் போட வேண்டும். முன்பு இருந்தவரிடம், விற்பனைத் தலைவரிடம், சட்டப் பிரிவிடம், ஸ்டோர்ஸ் பொறுப்பாளரிடம் அவரவர் பகுதிக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனிகளில் இது வழக்கம்.

ஆறு பக்கம் என்பதில் எனக்கும் குறை உண்டு. நமூனாவை அப்படியே நகல் எடுத்து அனுப்புகிற ஆடிட்டர்களால்தான் யாரும் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் கம்பெனிக்குப் பொருந்தாத பாராக்களை எடுத்துவிட்டு, பொருந்துகிற நாலு விஷயத்தைக் கூர்மையாக எழுதினால் கையெழுத்துப் போடுபவர் ஒரு நிமிஷம் நின்று யோசிப்பார்.

நிதித்_தலைவி

முன்பு இருந்தவர் போனையே எடுக்கவில்லை, ஐயா. துறைத் தலைவர்களிடம் வாங்குவது நல்ல யோசனை, அதை அடுத்த ஆண்டு செய்கிறேன். ஆனால் இல்லாத காலத்துக்குப் பொறுப்பேற்கச் சொல்வது நியாயம் என்று என்னால் இன்னமும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

பேலன்ஸ்_பாலா

அப்படியானால் எனக்கு ஒரு சந்தேகம். மற்ற ஆதாரம் எப்படியும் வேண்டும், கடிதத்தால் எந்த வேலையும் குறையாது என்றால், அதை எதற்கு வாங்குகிறோம்? நமக்குப் பாதுகாப்பு, அதுதானே உண்மை?

பழைய_லெட்ஜர்

பாதுகாப்பு என்று நினைத்து வாங்கினால் பாதுகாப்பும் கிடைக்காது. செய்ய வேண்டிய சோதனையைச் செய்யாமல் கடிதத்தைக் காட்டினால், “விதி என்ன சொல்கிறது என்று தெரிந்தும் ஏன் நிறுத்திக்கொண்டீர்கள்?” என்றுதான் கேட்பார்கள். பொறுப்பு எம்.டி. தலைக்கு மாறிவிடாது. அவர் பொறுப்பு அவருக்கு, உங்கள் பொறுப்பு உங்களுக்கு.

கடிதத்தின் உண்மையான வேலை வேறு. அடிப்படையாக, நிதிநிலை அறிக்கை தன் பொறுப்பு என்பதையும், கேட்ட தகவல், ஆவணம், ஆட்கள் எல்லாவற்றையும் ஆடிட்டருக்குத் திறந்துவிட்டதையும், எல்லாப் பரிவர்த்தனையும் கணக்கில் ஏறிவிட்டதையும் நிர்வாகம் ஒப்புக்கொள்கிறது. இதைத் தர மறுத்தால் சின்ன விஷயம் இல்லை. கருத்தே சொல்ல முடியாது என்று ரிப்போர்ட் எழுத வேண்டியிருக்கும். அதன்மேல் மோசடி, வழக்குகள், தொடர்புடைய தரப்பினர், ஆண்டு முடிவுக்குப் பின் நடந்தவை, திருத்தாமல் விட்ட பிழைகள் என்று மற்றவை வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, நிர்வாகத்தின் மனதில் மட்டும் இருக்கும் விஷயங்கள். ஒரு முதலீட்டை விற்காமல் வைத்திருக்கப் போகிறார்களா, ஒரு ஆலையை மூடப் போகிறார்களா என்பதற்கு வெளியே தடயம் குறைவு. அங்கே கடிதத்துக்கு எடை கூடும். அங்கேகூட அது தனியாக நிற்காது. முன்பு இப்படிச் சொன்னவற்றைச் செய்தார்களா, ஏன் இந்த முடிவு, அதைச் செய்ய வசதி இருக்கிறதா, போர்டு மினிட்ஸில் இதற்கு எதிராக ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். “விற்க மாட்டோம்” என்று எழுதிக் கொடுத்த கம்பெனியின் கையில் அடுத்த மாதச் சம்பளத்துக்கே பணம் இல்லையென்றால், எண்ணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விற்கத்தான் செய்வார்கள்.

டிக்மார்க் கேஸில் மனதில் மட்டும் இருக்கக்கூடியது எது? வாய்மொழியாகக் கொடுத்த வாக்கு. “இப்போது சரக்கை எடுத்துக்கொள், விற்காவிட்டால் திருப்பி அனுப்பு” என்று யாராவது சொல்லியிருந்தால் அது எந்த இன்வாய்ஸிலும் இருக்காது. அதைத்தான் கடிதத்தில் கேட்க வேண்டும். “84 லட்சம் வசூலாகும்” என்ற வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்: “அந்த இரண்டு இன்வாய்ஸ்கள் தொடர்பாக, சரக்கைத் திருப்பி அனுப்பும் உரிமை, விற்ற பிறகு பணம் தரும் ஏற்பாடு, கால நீட்டிப்பு போன்ற எந்த எழுத்து அல்லது வாய்மொழி ஒப்பந்தமும் இல்லை.” எம்.டி. மட்டும் போட்டால் போதாது. விற்பனைத் தலைவரும் போட வேண்டும். வாக்குக் கொடுத்திருந்தால் கொடுத்தவர் அவராகத்தான் இருப்பார்.

சலான்_செல்வன்

இப்போது புரிகிறது. ஆனால் இப்படி வரி எழுதினால் விற்பனை ஆட்கள் கடுப்பாவார்கள், சொல்லிவைக்கிறேன்.

டிக்மார்க்

இரண்டு நாள் கழித்து வருகிறேன், நிறைய நடந்துவிட்டது.

லெட்ஜர் ஐயா சொன்ன வரியை வரைவில் சேர்த்து அனுப்பினேன். எம்.டி. எதுவும் சொல்லவில்லை. விற்பனைத் தலைவர் போன் செய்து, “இந்த வரி எதற்கு? பழைய நமூனாவே நன்றாகத்தானே இருந்தது” என்றார். அவ்வளவுதான் பேசினார். ஆனால் நாலு பக்கத்தில் வேறு எதையும் கேட்காதவர் அந்த ஒரு வரியை மட்டும் கேட்டது எனக்குப் போதுமானதாக இருந்தது.

கேட் ரெஜிஸ்டரின் “உள்ளே” பக்கத்தைப் புரட்டினேன். ஆண்டு முடிந்து மூன்றாவது வாரத்தில் அதே விநியோகஸ்தரின் பெயரில் இரண்டு லாரி உள்ளே வந்திருக்கிறது. குறிப்பில் “ரிப்பேர்” என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்டோர்ஸில் போய்ப் பார்த்தால் பெட்டிகள் பிரிக்காமலே கிடக்கின்றன. சீரியல் நம்பர் அந்த இன்வாய்ஸ்களில் உள்ளவைதான். 44 லட்சத்துக்கு க்ரெடிட் நோட்டும் போட்டிருக்கிறார்கள், ஆனால் எங்களுக்குக் கொடுத்த க்ரெடிட் நோட்டுப் பட்டியலில் அது இல்லை. சிஸ்டத்தில் நம்பர் வரிசையில் ஒன்று விடுபட்டிருப்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

கேட்டபோது விற்பனைத் தலைவர் ஒத்துக்கொண்டார். மொத்தச் சரக்குமே “விற்றால் பணம், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பு” என்ற பேச்சில் போனது. மீதி 8 லட்சத்துக்கான சரக்கு இன்னும் அங்கேயே கிடக்கிறது.

பேலன்ஸ்_பாலா

சபாஷ். நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். 52 லட்சம் விற்பனை போனால் அந்தச் சரக்கு கையிருப்பில் திரும்ப வரும். அடக்க விலை என்ன?

டிக்மார்க்

38 லட்சம்.

பேலன்ஸ்_பாலா

அப்படியானால் லாபத்தில் 14 லட்சம்தான் குறைகிறது. மெட்டீரியாலிட்டி 30. திருத்தாத பிழைகள் பட்டியலில் போட்டு, “இது மெட்டீரியல் இல்லை என்று நிர்வாகம் கருதுகிறது” என்று ரெப் லெட்டரோடு இணைத்துவிட்டால் முடிந்தது. அந்தப் பட்டியல் அதற்குத்தானே?

பழைய_லெட்ஜர்

நல்ல பொறி, பாலா, பலர் இதில் விழுவார்கள். லாபத்தில் 14 என்பது நிகரக் கணக்கு. விற்பனை 52 கூடுதல், டெட்டர்ஸ் 52 கூடுதல், கையிருப்பு 38 குறைவு. வரிவரியாகப் பார்த்தால் மூன்றுமே 30ஐத் தாண்டுகின்றன. தவிர, இது கை தவறி வந்த பிழை இல்லை. ஆண்டு முடிவில் விற்பனையைக் கூட்டிக் காட்ட ஏற்பாடு செய்து, திரும்பி வந்ததை “ரிப்பேர்” என்று எழுதி, க்ரெடிட் நோட்டைப் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தது தொகையில் சின்னதாக இருந்தாலும் அதன் தன்மையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மெட்டீரியல் இல்லை என்று நிர்வாகம் கருதுவதாக அந்தப் பட்டியலோடு எழுதி வாங்குவது அவர்கள் கருத்தை. மெட்டீரியலா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியவர் ஆடிட்டர். அங்கேயும் கடிதத்தை வைத்து நம் முடிவை மாற்றிக்கொள்ள முடியாது.

நிதித்_தலைவி

எனக்கு வேறு ஒன்று கேட்க வேண்டும். இது தெரிந்தபிறகு எம்.டி. தரும் மற்ற வரிகளை எப்படி நம்புவீர்கள்? “எல்லாத் தகவலையும் தந்துவிட்டோம்” என்ற வரியே இப்போது பொய்யாகிவிட்டதே.

பழைய_லெட்ஜர்

இந்த இழையில் வந்த கேள்விகளில் இதுதான் கஷ்டமானது. மற்ற ஆதாரத்தோடு கடிதம் முரண்பட்டால், முதலில் முரண்பாட்டைத் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் அவர்களின் நேர்மையைப் பற்றிய நம் கணிப்பை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். நேர்மையின் மேலேயே போதிய சந்தேகம் வந்து, அந்த அடிப்படை உறுதிகளை நம்ப முடியாது என்றாகிவிட்டால், கருத்துச் சொல்ல முடியாது என்று ரிப்போர்ட் எழுதுவதுதான் வழி. “எம்.டி. நல்ல மனிதர்” என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

ஆனால் அந்த இடத்துக்கு ஒரே தாவலில் போகவும் முடியாது. எம்.டி.க்குத் தெரியுமா என்பதில் எல்லாம் நிற்கிறது. தெரியாமல் இருந்தால், விற்பனைத் தலைவரின் தவறு, கம்பெனியின் உள்கட்டுப்பாட்டில் ஓட்டை. தெரிந்திருந்தால் கதையே வேறு. டிக்மார்க், அந்த க்ரெடிட் நோட்டை அங்கீகரித்தது யார்? சிஸ்டத்தில் அப்ரூவல் யார் பெயரில் இருக்கிறது?

டிக்மார்க்

விற்பனைத் தலைவர் பெயரில்தான். ஆனால் 25 லட்சத்துக்கு மேல் போனால் எம்.டி. அப்ரூவல் வேண்டும் என்பது அவர்கள் விதி. இது இரண்டு க்ரெடிட் நோட்டாக, 22, 22 என்று பிரித்துப் போடப்பட்டிருக்கிறது. விடுபட்ட நம்பர் ஒன்று என்று நினைத்தேன், அடுத்தடுத்து இரண்டு.

பேலன்ஸ்_பாலா

பிரித்துப் போட்டதே எம்.டி.யிடம் மறைக்கத்தானே? அப்போது எம்.டி. சுத்தம்.

நிதித்_தலைவி

அல்லது எம்.டி. கேட்டுக்கொண்டு, தன் பெயர் வராதபடி பிரிக்கச் சொன்னாரோ? நான் இரண்டு வகையையும் பார்த்திருக்கிறேன்.

பழைய_லெட்ஜர்

அப்ரூவலை வைத்து இரண்டையும் சொல்லலாம். அதனால்தான் எம்.டி.யிடம் திரும்ப ஒரு கடிதம் வாங்கி இதைத் தீர்க்க முடியாது. மாத விற்பனை ரிவ்யூ அறிக்கை அவருக்குப் போயிருக்கும். அதில் அந்த மாதம் ரிடர்ன்ஸ் எவ்வளவு என்று இருந்ததா, அவர் போனஸ் ஆண்டு விற்பனையோடு கட்டப்பட்டிருக்கிறதா, பேங்குக்கு விற்பனை இலக்கு ஏதாவது வாக்குக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதோடு மேனேஜரைத் தாண்டி இன்றைக்கே பார்ட்னரிடம் கொண்டுபோங்கள். எம்.டி.க்கு மேலே போர்டு அல்லது ஆடிட் கமிட்டிக்குத் தெரிவிப்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னும் ஒன்று. கடிதம் ஏற்கெனவே கையெழுத்தாகி வந்திருந்தால் அதை வைத்து ரிப்போர்ட் போட்டுவிடாதீர்கள். கடிதத்தின் தேதி ரிப்போர்ட் தேதிக்கு முடிந்த வரை நெருங்கியிருக்க வேண்டும், அதைத் தாண்டவும் கூடாது. இவ்வளவு மாறியபின் பழைய வாசகம் செல்லாது.

டிக்மார்க்

கையெழுத்தாகி வரவில்லை, நல்லவேளை. பார்ட்னரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். மேனேஜர் முகம் சரியில்லை, அது போகட்டும்.

52 லட்சத்தைத் திருத்த கம்பெனி ஒத்துக்கொண்டது. பழைய பாக்கி 32இல் வந்த 9 லட்சத்தைப் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பார்த்தேன், விநியோகஸ்தரின் கணக்கிலிருந்துதான் வந்திருக்கிறது. மீதி 23க்கு எவ்வளவு ஒதுக்குவது என்று இன்னும் இழுபறி. எம்.டி.க்குத் தெரியுமா என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை. பார்ட்னர் ஆடிட் கமிட்டித் தலைவருக்கு எழுதியிருக்கிறார். கடைசி வாரத்தில் பெரிய இன்வாய்ஸ் போட்ட இன்னும் மூன்று விநியோகஸ்தர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் புதிதாகக் கன்ஃபர்மேஷன் அனுப்புகிறேன். இந்தத் தடவை பாக்கித் தொகையோடு, திருப்பி அனுப்பும் உரிமை உண்டா என்பதையும் கேட்கிறேன்.

சலான்_செல்வன்

அந்த மூவருக்கும் கம்பெனி ஆள் மூலமாக அனுப்பாதீர்கள்.

டிக்மார்க்

தபாலில் நானே போடுகிறேன், சார். முகவரியையும் கம்பெனி கொடுத்த பட்டியலிலிருந்து எடுக்கவில்லை.